14 பில், நான்கு சீட்டு: வேறு பிரிவில் இருப்பவரிடம் அவசரமாக உதவி கேட்பது

கேள்வி: நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆண்டுக் கடைசியில் பதிவான 14 பில்களுக்குச் சரக்கு வரவுச் சீட்டு வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டிருக்கிறார். நாளை மாலை 4 மணிக்குள் கொடுக்க வேண்டும். சீட்டுகள் ஸ்டோர்ஸில் இருக்கின்றன. அங்கே பொறுப்பில் உள்ள மேடத்துக்கு இன்று காலை 14 பில்களின் வவுச்சர் எண்களையும் போட்டு, ‘மிக அவசரம், உடனே அனுப்பவும், முன்கூட்டியே நன்றி’ என்று மெயில் அனுப்பினேன். மதியமாகியும் பதில் இல்லை. அவர் என் பிரிவு இல்லை, வயதிலும் மூத்தவர். மறுபடி எப்படிக் கேட்பது? மேலாளரையும் சேர்த்து மெயில் போடலாமா?

பதில்: நான் ஏழு ஆண்டுகள் ஸ்டோர்ஸில் இருந்துவிட்டுக் கணக்குப் பிரிவுக்கு மாறியவன். உங்கள் மெயிலைப் போன்றவற்றை வாங்கியும் இருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன். அந்த மெயில் மேடத்தின் மேசையில் போய் விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

காலை நேரம் ஸ்டோர்ஸில் வண்டிகள் வந்து நிற்கும் நேரம். கையில் சரக்கோடு வந்த சலான், வாசலில் காத்திருக்கும் டிரைவர், எண்ணி இறக்க வேண்டிய பெட்டிகள். இதற்கு நடுவில் அவர் திரையைப் பார்க்கிறார். ‘மிக அவசரம்’ என்ற தலைப்பும் 14 எண்களும் இருக்கின்றன. அந்த எண்கள் உங்கள் பிரிவு போட்ட வவுச்சர் எண்கள். ஸ்டோர்ஸில் ஒரு கோப்புகூட அந்த எண்ணில் இருக்காது. அங்கே வரவுச் சீட்டுகளை அவற்றின் சொந்த வரிசை எண்படி மாதவாரியாகக் கட்டி வைத்திருப்பார்கள். சீட்டில் கொள்முதல் ஆணையின் எண்ணான பி.ஓ. எண், சப்ளையர் பெயர், சலான் எண், சரக்கு வந்த தேதி, வந்த அளவு, ஏற்றுக்கொண்ட அளவு எல்லாம் இருக்கும். உங்கள் வவுச்சர் எண் மட்டும் இருக்காது, ஏனென்றால் சீட்டு எழுதிய நாளில் அந்த எண்ணே பிறந்திருக்கவில்லை.

ஆகவே ஒரு சீட்டைத் தேடுவதற்கு முன்னால், அது எந்த சப்ளையர், எந்தப் பி.ஓ. என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். அதை 14 முறை செய்ய வேண்டும். எதற்காக, எத்தனை மணிக்குள் என்பதும் மெயிலில் இல்லை. படித்ததும் செய்துவிட முடியாத, செய்ய எவ்வளவு நேரமாகும் என்றும் தெரியாத மெயிலை யாராக இருந்தாலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்றுதான் ஒதுக்குவார்கள். நானும் ஒதுக்கியிருக்கிறேன். அவருடைய மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனவே அடுத்த மெயிலை எழுதுவதற்கு முன்னால் உங்கள் மேசையிலேயே முக்கால் மணி நேர வேலை இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிய பலன் தரும்.

முதலில் 14 பில்களையும் உங்கள் மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பில்லைப் பதிவு செய்யும்போதே வரவுச் சீட்டின் எண்ணைக் குறித்திருப்பார்கள். பலவற்றில் ஸ்கேன் பிரதியே இணைந்திருக்கும். எட்டுக்கு அப்படிக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி ஆறில் இரண்டு, லாரி வாடகை, இயந்திரப் பராமரிப்பு போன்ற சேவை பில்களாக இருக்கலாம். சரக்கே வராதவற்றுக்கு வரவுச் சீட்டு எப்படி இருக்கும்? அவற்றுக்கு வேறு சான்றுதான் வேண்டும், அதை ஸ்டோர்ஸிடம் கேட்டுப் பயனில்லை. இப்போது மிஞ்சுவது நான்கு. அந்த நான்குக்கும் பி.ஓ. எண், சப்ளையர், சப்ளையரின் இன்வாய்ஸ் தேதி, சலான் எண் தெரிந்தால் அதுவும், என்று ஒரு சிறிய அட்டவணை போட்டுவிடுங்கள்.

அடுத்து ஆடிட்டரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். நாளைக்கு ஸ்கேன் பிரதி போதுமா, அசல் பிறகு காட்டலாமா என்பது ஒன்று. சீட்டு உடனே கிடைக்காத பில்லுக்கு வேறு எதை ஏற்பார் என்பது மற்றொன்று. அவர் எதைச் சோதிக்கிறார் என்று தெரிந்தால் இந்தக் கேள்விகளின் பயன் புரியும். ஆண்டு முடிகிற வாரத்தில் பதிவான கொள்முதல்களில், சரக்கு உண்மையிலேயே ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறார். அடுத்த ஆண்டில் வந்த சரக்கு பொதுவாக இந்த ஆண்டுக் கணக்கில் ஏறக்கூடாது. இந்த ஆண்டில் வந்தது விடுபடவும் கூடாது. அவருக்கு வேண்டியது வந்த தேதிக்கு நம்பத்தக்க சான்று. அதனால் ஸ்டோர்ஸ் முத்திரையும் கையெழுத்தும் உள்ள சலான் பிரதியையோ, வாயிற்பதிவேட்டில் அந்த வண்டி நுழைந்த பக்கத்தையோ அவர் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவருடைய பதிலை வாங்கிக்கொண்டு போனால், மேடத்திடம் ‘இது இல்லையென்றால் அது’ என்று இரண்டு வழி காட்ட முடியும். ஒரே வழி காட்டி நிற்பவருக்கு ‘இல்லை’ என்று சொல்வது எளிது.

இப்போது எழுந்து ஸ்டோர்ஸுக்குப் போங்கள். வேறு கட்டடம் என்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஒரு மெயில் பதிலில்லாமல் கிடக்கும்போது அதன் மேல் இன்னொன்றை ஏற்றினால் அது நச்சரிப்பாகத்தான் தெரியும். போகிற நேரமும் முக்கியம். வண்டி இறங்கிக்கொண்டிருந்தால் ஓரமாக நில்லுங்கள். பேச்சு இந்த அளவில் இருந்தால் போதும்:

“வணக்கம் மேடம், நான் கணக்குப் பிரிவு. காலையில் 14 எண் போட்டு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். அதில் எங்கள் வவுச்சர் எண்ணைக் கொடுத்துவிட்டேன், உங்களுக்கு அது உதவாது என்று பிறகுதான் தெரிந்தது, மன்னிக்க வேண்டும். எங்களிடமே தேடிப் பார்த்ததில் நான்கு சீட்டு மட்டும்தான் மீதி. நாளை ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா, இந்த வண்டி முடிந்த பிறகு வரட்டுமா?”

இதில் மன்னிப்பு ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் குறிப்பிட்ட ஒரு தவறுக்கு. ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும், உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று தெரியும், எனக்கு வேறு வழியில்லை’ என்று நீட்டிக்கொண்டே போனால், எதிரில் இருப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். கடைசிக் கேள்வியும் கவனிக்கத் தக்கது. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் போகிறது. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை ‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லைவிட இதில்தான் அவருக்குத் தெரியும்.

‘தேடலாம், ஆனால் நான்கு பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன்’ என்று அவர் சொல்லக்கூடும். அப்போது உடலுழைப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள முன்வாருங்கள். “கட்டு எந்த அலமாரியில் என்று காட்டினால் நானே உட்கார்ந்து தேடுகிறேன், ஸ்கேனும் நானே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சரிபார்த்தால் போதும்” என்று சொல்லலாம். பல இடங்களில் வேற்றுப் பிரிவினர் கோப்பைத் தொடக்கூடாது என்று விதி உண்டு. அப்படியிருந்தால் அவர் சொல்லிவிடுவார். ஆனாலும் நீங்கள் முன்வந்தீர்கள் என்பதை அவர் கவனித்திருப்பார்.

பேசி முடித்ததும், அவர் சம்மதித்திருந்தாலும், மெயிலை அனுப்பிவிடுங்கள். தேடும்போது கையில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு தாள் வேண்டும். தம் மேலாளர் ‘என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்’ என்று கேட்டால் காட்டவும் அது உதவும். பழைய மெயிலுக்குக் கீழே தொடராமல் புதிதாக எழுதுங்கள். பழைய 14 எண்கள் அதில் தொங்கிக்கொண்டிருந்தால் குழப்பம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: 4 சரக்கு வரவுச் சீட்டுகளின் ஸ்கேன் – நாளை (புதன்) பகல் 2 மணிக்குள் தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> சற்று முன் நேரில் பேசியபடி, கீழே உள்ள நான்கு வரவுகளுக்குச் சீட்டின் ஸ்கேன் பிரதி தேவைப்படுகிறது. காலையில் நான் அனுப்பிய 14 எண்கள் கொண்ட மெயிலை விட்டுவிடலாம். மற்றவை எங்களிடமே கிடைத்துவிட்டன.
>
> 1. பி.ஓ. 1182 – பேரிங் – சலான் 406
> 2. பி.ஓ. 1190 – அட்டைப் பெட்டி – சலான் எண் தெரியவில்லை
> 3. பி.ஓ. 1195 – பெயின்ட் – சலான் 77
> 4. பி.ஓ. 1201 – மோட்டார் உதிரிபாகம் – சலான் 2213
>
> நான்குமே நிதியாண்டின் கடைசி வாரத்து இன்வாய்ஸ்கள். சரக்கு ஆண்டு முடிவதற்குள் வந்ததா என்று ஆடிட்டர் பார்க்கிறார். நாளை மாலை 4 மணிக்கு அவரிடம் ஒப்படைக்க வேண்டும். தேதியையும் அளவையும் பில்லோடு ஒப்பிட எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் 2 மணி என்று கேட்கிறேன்.
>
> நான்கையும் தேட நேரமில்லை என்றால் 4-ஆவதை மட்டும் முதலில் பார்த்தால் போதும். தொகை பெரியது அதுதான்; ஆண்டின் கடைசி நாளில் வந்ததாக எங்கள் பதிவு சொல்கிறது. சீட்டு கையில் கிடைக்காவிட்டால், உங்கள் முத்திரையுள்ள சலான் பிரதியைத் தற்காலிகமாக ஏற்பதாக ஆடிட்டர் சொல்லியிருக்கிறார்.
>
> நாளை காலை 11 மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன். இயலாது என்று இன்றே தெரிந்தால் ஒரு வரி சொல்லுங்கள், நான் ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுவேன்.
>
> ஆண்டு முடிவுச் சரக்குக் கணக்கெடுப்புக்கு நடுவில் இதற்கு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நன்றி.

மெயிலின் தலைப்பில் ‘அவசரம்’ என்ற சொல்லே இல்லை. எண்ணிக்கையும் நாளும் மணியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ‘உடனே’ என்பது கெடு ஆகாது, ஏனென்றால் அதை வைத்து ஒருவர் தம் நாளைத் திட்டமிட முடியாது. 2 மணி என்றால் முடியும்: வண்டியை முடித்துவிட்டு, மதிய உணவுக்கு முன் அலமாரியைத் திறக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்.

2 மணி ஏன், 4 மணி ஏன் என்று இரண்டையும் சொல்லியிருக்கிறேன். நம்மில் பலர் ஆடிட்டரின் கெடுவை மறைத்து ‘நாளை காலை 10 மணிக்கே வேண்டும்’ என்று பொய்க்கெடு வைப்பார்கள். ஸ்டோர்ஸில் இருந்தபோது இதை நான் பட்டு அனுபவித்திருக்கிறேன். சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு பட்டியலைத் தயாரித்து 10 மணிக்குக் கொடுத்தேன். அது இரண்டு நாள் யாரும் தொடாமல் கேட்டவருடைய மேசையில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு கெடுவிலும் மனத்துக்குள் இரண்டு நாள் கூட்டிக்கொண்டேன். ஒருநாள் அவருக்கு உண்மையிலேயே நெருக்கடி வந்தது. அன்றும் அந்த இரண்டு நாளை நான் கழிக்கவில்லை. கைக்காவலாக நேரம் வேண்டும் என்றால், மேலே உள்ளதுபோலக் காரணத்தோடு கேளுங்கள்.

நான்கில் ஒன்றை முன்னிறுத்தியதும் வேண்டுமென்றே செய்ததுதான். எல்லாமே சம அவசரம் என்றால், தேடுகிறவர் எளிதாகக் கிடைப்பதை முதலில் எடுப்பார். நேரம் முடிந்துவிடும், முக்கியமானது அலமாரியிலேயே இருக்கும். எதை விட்டால் உங்களுக்கு நட்டம் குறைவு என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மெயிலிலோ இந்த மெயிலிலோ அவரைச் சேர்க்க வேண்டாம். கேட்பதற்கு முன்பே மேலிடத்தைக் காட்டினால், ‘நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்வதுபோல ஆகிவிடும். ஆனால் ஒரு சூழலில் சேர்க்கத்தான் வேண்டும். ‘சரக்குக் கணக்கெடுப்பு முடியும்வரை வேறு எதையும் தொடக்கூடாது என்று எங்கள் மேலாளர் சொல்லியிருக்கிறார்’ என்று அவர் சொன்னால், அது இருவருடைய மேலாளர்களும் தீர்க்க வேண்டிய முன்னுரிமைச் சிக்கல். அப்போது அவரிடமே, “சரி மேடம், உங்களை இடையில் மாட்டிவிட விரும்பவில்லை. என் மேலாளர் உங்கள் மேலாளரிடம் பேசட்டும், மெயிலில் உங்களையும் வைக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள். மெயிலில் ‘பதில் இல்லை’, ‘ஒத்துழைப்பு இல்லை’ போன்ற சொற்கள் வேண்டாம். ‘கணக்கெடுப்பு நடப்பதால் மேடத்துக்கு இன்று இதற்கு நேரமில்லை, எதை முதலில் செய்யலாம் என்று முடிவு தேவை’ என்று எழுதினால் அவர்மேல் பழி விழாது.

நாளை 11 மணிக்குப் போனால் மூன்று சீட்டு இருக்கிறது, ஒன்று இல்லை என்று வரலாம். இருக்கும் மூன்றை அப்போதே வாங்கி வேலையைத் தொடங்குங்கள். இல்லாத ஒன்றுக்குச் சலானையும் வாயிற்பதிவையும் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 4 மணிக்குக் காத்திருக்காமல் ஒரு மணிக்கே ஆடிட்டரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். அவரும் தம் நாளைத் திட்டமிட்டு வைத்திருப்பவர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில நேரம் தேடிப் பார்த்தால் அந்த வரவுக்குச் சீட்டே போடவில்லை என்று தெரியவரும். சரக்கு நேராக இயந்திரக் கூடத்துக்குப் போயிருக்கும், ஸ்டோர்ஸ் வழியாக வந்தே இருக்காது. அந்த நேரத்து அவசரத்தில் ‘பழைய தேதி போட்டு ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் மேடம்’ என்று நாக்கு நுனிவரை வரும். கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கெடு மட்டும்தான் நெருக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் என்னைக் கேட்டது என் கையெழுத்தில் ஒரு பொய்ச் சான்று. சீட்டுகள் தொடர் எண்ணில் ஓடுபவை. நடுவில் புதிதாக ஒன்றை நுழைக்க இடமிருக்காது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். மாட்டிக்கொள்பவர் கேட்டவர் இல்லை, கையெழுத்துப் போட்டவர். சீட்டு இல்லை என்றால் ‘இல்லை’ என்பதே ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய பதில். இன்றைய தேதியிட்டு, நடந்ததை விளக்கும் ஒரு குறிப்பில் சரக்கைப் பெற்றவர் கையெழுத்திட்டுத் தரலாம். அது சீட்டுக்கு ஈடாகாது, ஆனால் நேர்மையானது.

இனி நன்றி. ‘முன்கூட்டியே நன்றி’ என்று காலையில் எழுதியிருந்தீர்கள். நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் ஒருவர் சரி என்று சொல்வதற்கு முன்பே நன்றி சொன்னால், அவர் மறுக்கும் வழியை அடைத்துவிட்டது போலாகும். அதோடு, முதலிலேயே சொல்லிவிட்டோம் என்று வேலை முடிந்த பிறகு சொல்ல மறந்தும்போகும். மேலே உள்ள மெயிலில் இருக்கும் நன்றி, அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறது. முழு நன்றி நாளை மாலைக்கு உரியது.

நாளை ஆடிட்டரிடம் ஒப்படைத்த அரை மணிக்குள் எழுதுங்கள். ‘உங்கள் உதவிக்கு மிக்க நன்றி’ என்ற ஒற்றை வரியை எவரும் எவருக்கும் அனுப்பலாம். அவர் செய்தது என்ன, அதனால் நடந்தது என்ன என்று சொன்னால்தான் அது அவருக்கு எழுதியதாக இருக்கும். உதாரணமாக: ‘மேடம், நான்கு சீட்டும் 3.40-க்கு ஆடிட்டரிடம் கொடுத்தாயிற்று. மோட்டார் உதிரிபாகச் சீட்டு ஏப்ரல் கட்டில் மாறி இருந்ததை நீங்கள் தேடி எடுக்காவிட்டால் அந்த ஒரு பில் நிலுவையாகவே போயிருக்கும். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். மிகவும் நன்றி.’ கொடுத்த தாள் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவதுதான் ஸ்டோர்ஸில் இருப்பவர்களுக்குப் பெரிய மனக்குறை. ஏழு ஆண்டுகளில் எனக்கு முடிவைத் திரும்பி வந்து சொன்னவர்கள் மூன்று பேர். மூவரையும் இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். மேடத்தின் மேலாளரை மெயிலில் சேர்க்க வேண்டிய இடமும் இந்த நன்றி மெயில்தான்.

பின்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த நான்கு பில்லிலும் சீட்டு எண் இல்லாமல் பதிவானது உங்கள் பிரிவின் குறை. இனிமேல் வரவுச் சீட்டு எண் இல்லாமல் பில்லைப் பதிவு செய்வதில்லை என்று உங்கள் மேசையில் ஒரு முறையைக் கொண்டுவந்து, அதை மேடத்திடமும் சொல்லுங்கள். ஆடிட்டர் அசலைப் பார்க்கக் கேட்டால், ஒவ்வொரு சீட்டையும் எடுத்த இடத்தில் எண்ணையும் வாங்கியவர் பெயரையும் தேதியையும் எழுதிய ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டு வாங்குங்கள். வேலை முடிந்த அன்றே நீங்களே கொண்டுபோய் அதே வரிசை எண்ணில் திருப்பிக் கோத்து, “நான்கும் இருக்கிறது மேடம், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று காட்டிவிட்டுத் துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.